தாத்தாவின் திதியை ஐந்து நிமிட வீடியோவாக எடுப்பது எப்படி

என் அத்தையின் பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் கனடாவில் வளர்கிறார்கள். தாத்தாவின் தலைத்திவசத்தன்று வாட்ஸ்அப்பில் கூப்பிட்டபோது சின்னவள் கேட்டாள்: "ஏன் சாப்பாட்டை முதல்ல காக்காவுக்கு வைக்கிறீங்க?" நாங்கள் ஆளுக்கொரு பதில் சொன்னோம். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. சரி, அடுத்த வருடம் ஒரு வீடியோ எடுத்து அனுப்பிவிடலாம் என்று நான் ஏற்றுக்கொண்டேன். 2024-இல் எடுத்தது ஒன்றுக்கும் உதவவில்லை. 2025-இல் எடுத்ததுதான் உருப்படியாக வந்தது. இரண்டுக்கும் நடுவே கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊர் திருவையாற்றுப் பக்கம். எங்கள் வீட்டில் ஐயர் வந்து தர்ப்பணம் செய்து வைப்பார், ஹோமம் கிடையாது, அப்புறம் படையல். உங்கள் வீட்டு முறை வேறாக இருந்தாலும் வேலையின் வரிசை பெரும்பாலும் இதேதான்.

முதலில் நாள்

பிள்ளைகளுக்கு வரும் முதல் குழப்பமே தேதிதான். தாத்தா இறந்தது 2022 ஏப்ரல் 16. ஆனால் திதி கொடுத்தது 2023-இல் மே 5, 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. "தாத்தா எத்தனை தடவை செத்தார்?" என்று பெரியவன் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை.

விளக்கம் எளிது. நாம் எண்ணுவது ஆங்கிலத் தேதியையும் இல்லை, தமிழ்த் தேதியையும் இல்லை. உயிர் பிரிந்த நேரத்தில் எந்தத் தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, நிலாவின் எத்தனையாவது நாள் என்பதைத்தான் எண்ணுகிறோம். தாத்தா போனது சித்திரை மாதத்துப் பௌர்ணமியில். அதனால் ஒவ்வொரு சித்திரையிலும் பௌர்ணமி எப்போது வருகிறதோ அன்றைக்குத் திதி. மேலே உள்ள நான்கு தேதிகளையும் பார்த்தால் எல்லாமே சித்ரா பௌர்ணமி நாள்கள் என்பது தெரியும். வீடியோவில் இதற்கு முப்பது வினாடி போதும். நான்கு வருடத்துத் தினசரி நாள்காட்டித் தாள்களை வரிசையாக வைத்து, மேலே ஒரு முழு நிலாப் படம். பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

நாளைக் குறிக்கும்போது தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. திதி நள்ளிரவில் மாறுவதில்லை, சூரிய உதயத்திலும் மாறுவதில்லை. ஒரு திதி சுமார் 19 மணி முதல் 26 மணி நேரம் வரை நீளும், எந்த நேரத்திலும் முடியும். ஒரே நாளில் காலையில் ஒரு திதியும் மாலையில் இன்னொன்றும் இருந்தால் எதை எடுப்பது? பகல் பொழுதை ஐந்தாகப் பிரித்து நான்காவது பாகத்தில், அதாவது ஏறக்குறைய மதியம் ஒன்றேகாலிலிருந்து மூன்றரை வரை, எந்தத் திதி இருக்கிறதோ அதையே சிராத்தத்துக்கு எடுப்பார்கள். நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. பஞ்சாங்கத்தில் அன்றன்றைக்குச் 'சிராத்த திதி' என்றே போட்டிருக்கும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில வருடம் ஒரு நாள் வித்தியாசம் வரும். உங்கள் ஐயர் எதைப் பார்க்கிறாரோ அதையே வைத்துக்கொள்ளுங்கள், வீடியோவில் அந்தச் சண்டைக்குள் போகாதீர்கள்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை ஆகியவை எல்லா முன்னோருக்கும் பொதுவான நாள்கள். திதி ஒருவருக்கே உரிய நாள். இந்த ஒரு வாக்கியத்தைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

எதை எடுக்கக்கூடாது என்று முன்கூட்டியே பேசுங்கள்

2024-இல் நான் செய்த தவறு இது. யாரிடமும் எதுவும் கேட்காமல் போனைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன். பெரியப்பா தெற்கே பார்த்து உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார். வெளிச்சம் சரியாக விழவில்லை என்று, "பெரியப்பா, இன்னொரு தடவை ஊத்துங்க" என்று சொல்லிவிட்டேன். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பெரியப்பா பார்க்கவே இல்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

ஆகவே ஒரு வாரம் முன்பே மூன்று பேரிடம் பேச வேண்டும். கருத்தா, அதாவது திதி கொடுப்பவர், முதல் ஆள். ஐயர் இரண்டாவது. சமையல் பொறுப்பில் இருப்பவர் மூன்றாவது. எங்கள் ஐயர் இரண்டு நிபந்தனை வைத்தார்: தன் முகம் வரக்கூடாது, மந்திரம் முழுதாகப் பதிவாகக்கூடாது. அன்றைக்கு அவருக்கு இன்னும் இரண்டு வீடு இருந்ததால், "எனக்காக நிறுத்தாதே, உனக்காகவும் நான் நிறுத்த மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டார். நியாயம்தான். பெரியப்பா கைகளை மட்டும் எடுக்கச் சொன்னார். யாராவது அழுதால் போனைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது நாங்களே போட்டுக்கொண்ட விதி.

இன்னொன்று நானாகச் சேர்த்தது. தர்ப்பணத்தில் கோத்திரத்தோடு முழுப் பெயர்கள் வரும். அந்த இடத்தின் ஒலியை அப்படியே வெளியே விடாதீர்கள். வீடியோ எப்படியும் குடும்பத்தைத் தாண்டிப் போகும். வீட்டு விவரம் எல்லாம் அதோடு போக வேண்டியதில்லை.

சடங்கில் மறுபடி எடுப்பது என்ற பேச்சே கிடையாது. அதனால், ஒரே தடவை நடப்பதற்கு ஒரே ஒரு காட்சிதான் என்று வைத்துக்கொண்டு, விளக்கத்துக்கு வேண்டிய மற்றதையெல்லாம் முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

எடுப்பதற்கு முன் எழுதுங்கள்

ஐந்து நிமிடம் என்பது கேட்பதற்கு நிறைய போலத் தெரியும். என் வேகத்தில் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் வருகிறது. நடுவில் சும்மா தண்ணீர்ச் சத்தம், காக்காய்ச் சத்தம் கேட்கவும் இடம் விட வேண்டும். ஆக மொத்தம் முந்நூறு சொல்தான் எழுத முடியும். நான் முதலில் எழுதியது எண்ணூறு சொல் இருந்தது. அதில் பாதி பெருமை, கால்பங்கு 'இதற்கு அறிவியல் காரணம் உண்டு' வகை. இரண்டையும் வெட்டியதும் விஷயம் தானாகத் தெளிந்தது.

என் வரிசை இப்படி அமைந்தது. தாத்தா சிரிக்கும் ஒரு பழைய படத்தோடு தொடக்கம், அவர் யார் என்று இரண்டு வரி. மாலை போட்ட படத்தைத் தொடக்கத்தில் காட்டவில்லை. சாவை முதலில் காட்டினால் பிள்ளைகள் பயந்துபோய் மிச்சத்தைக் கேட்பதில்லை. அடுத்து முன்பு சொன்ன நாள் கணக்கு. பிறகு தர்ப்பணம், இதற்கு மட்டும் ஒன்றரை நிமிடம். பிறகு அடுப்படி, படையல், காக்கை. இவ்வளவுதான்.

முதல் நாள் எடுக்க வேண்டியவை

ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலோரம் விரித்து, பொருள்களை ஒவ்வொன்றாக வைத்து எடுத்தேன்: கறுப்பு எள், தர்ப்பைக் கட்டு, பித்தளைச் சொம்பு, பச்சரிசி, வாழை இலை. காலை ஒன்பது மணி ஜன்னல் வெளிச்சமே போதும், விளக்கு எதுவும் வேண்டாம். போனில் திரையை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும் (ஐபோனில் `AE/AF LOCK` என்று வரும்). இதைச் செய்யாவிட்டால் பித்தளைச் சொம்பின் பளபளப்பு பட்டதும் எள் கறுப்புக் கறையாக மாறிவிடும்.

காய்கறியையும் அன்றே எடுத்துவிடலாம். திதிச் சமையலில் வெங்காயம், பூண்டு கிடையாது. மிளகாய்க்குப் பதில் மிளகு. வாழைக்காய், புடலங்காய், அவரைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல், பயத்தம்பருப்புப் பாயசம், உளுந்து வடை, எள்ளுருண்டை. இவை எங்கள் வீட்டுப் பட்டியல். பல வீடுகளில் இறந்தவருக்குப் பிடித்த அசைவமே படையலில் வரும், அதுவும் முறைதான்.

இங்கே ஒரு கதை சொல்லலாம், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. விசுவாமித்திரர் திதிச் சாப்பாட்டுக்கு வருகிறேன், ஆயிரத்தெட்டுக் காய் வேண்டும் என்றாராம். வசிஷ்டர் வீட்டில் அருந்ததி பாகற்காய், பிரண்டை, பலாக்காய், கூடவே எட்டுக் காய் பரிமாறினாளாம். கணக்கு கேட்டபோது, சிராத்தத்தில் பாகற்காய் நூறு காய்க்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு, மிச்சம் எட்டு என்றாளாம். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். வீடியோவில் மூன்று காயையும் எட்டுக் காயையும் வைத்து எண்களைப் போட்டுவிட்டேன்.

அப்புறம் ஆறு. எங்கள் ஊரில் காவிரி இருக்கிறது, ஆனால் சித்திரையில் மணல்தான் இருக்கும். மேட்டூர் திறப்பது வழக்கமாக ஜூன் 12. அதனால் எங்கள் தாத்தா திதி எப்போதும் வீட்டுக் கிணற்றடியில்தான் நடக்கும். என்னிடம் ஆடிப்பெருக்கன்று எடுத்த அழகான வெள்ளக் காட்சி இருந்தது. அதை ஒட்டிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. ஒட்டவில்லை. வறண்ட ஆற்றைக் காட்டி, "இந்த மாசம் இங்க தண்ணி இல்ல, அதனால கிணத்தடிக்குப் போனோம்" என்று சொன்னேன். பார்த்தவர்கள் எல்லோருக்கும் நினைவில் நின்ற காட்சி அதுதான்.

திதி அன்று

போனை ஒரு சின்ன முக்காலியில், கருத்தாவின் பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி வந்துவிடுங்கள். எதிரே வைத்தால் கருத்தாவுக்கும் அவர் பார்க்கும் தெற்குக்கும் நடுவே போன் நிற்கும். அது நன்றாக இல்லை. ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம். படுக்கைவாட்டில் எடுத்தால் இரண்டு கையும், தாம்பாளமும், சொம்பும் ஒரே சட்டத்தில் அடங்கும்.

அங்கே நடப்பதில் பார்வையாளர் கவனிக்க வேண்டியவை மூன்று. மோதிர விரலில் தர்ப்பையால் முடிந்த பவித்திரம். வலது தோளுக்கு மாறிய துண்டு. பூணூல் உள்ளவர்கள் பூணூலை அப்படி மாற்றிக்கொள்வார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சரிந்து விழும் எள்ளுத் தண்ணீர். சாமிக்கு விரல் நுனி வழியாக விடுவோம், முன்னோருக்கு இந்த வழி. படத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டால் இது தெளிவாகத் தெரியும்.

காக்கைதான் 2024-இல் என்னை ஏமாற்றியது. மாடிக் கைப்பிடிச் சுவரில் சாதம் வைத்துவிட்டு அத்தை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வரவே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது, அப்பாவுக்கு என்ன குறையோ என்று அத்தை கலங்கிவிட்டார். குறை என் போன்தான். இரண்டடி தூரத்தில் ஒருவன் கையை நீட்டிக்கொண்டு நின்றால் எந்தக் காக்கை வரும்? 2025-இல் போனைச் சுவரில் ஒரு செங்கல்லுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்து, பதிவை ஓடவிட்டு, எல்லோரும் கீழே இறங்கிவிட்டோம். பத்து நிமிடத்துக்குள் வந்திருந்தது. அதற்கு முன் ஒரு அணிலும் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அதை வெட்டவில்லை.

அர்த்தத்தை எப்படிச் சொல்வது

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. நான் கைக்கொண்ட வழி: பார்த்ததை 'செய்கிறோம்' என்று சொல்லுங்கள், நம்புவதை 'நம்புகிறோம்' என்று சொல்லுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். "காக்கை உருவில் முன்னோர் வருகிறார்கள் என்று நம்புகிறோம்" என்றால் யாரும் மறுக்க முடியாது. "காக்கைக்குச் சோறு வைத்தால் சுற்றுச்சூழலுக்கு நல்லது, அதனால்தான் பெரியவர்கள் வைத்தார்கள்" என்றால் நாமே கட்டிய கதைக்கு நாமே சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். எள் பற்றியும் இப்படி நிறைய உலவுகிறது. நான் சொன்னது, எள் முன்னோருக்கு உரிய பொருள் என்பது மட்டும்.

தெற்குக்கு மட்டும் தமிழிலேயே நல்ல பிடி இருக்கிறது. திருக்குறளின் 43-ஆம் குறள் இல்வாழ்வான் பேண வேண்டிய ஐந்து பேரைச் சொல்லும்போது 'தென்புலத்தார்' என்றுதான் தொடங்குகிறது. தெய்வமும் விருந்தும் அதற்குப் பிறகு. முன்னோருக்குத் தமிழில் பெயரே தெற்குத் திசைக்காரர்கள். பெரியப்பா ஏன் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தார் என்பதற்கு இதைவிட நீளமான விளக்கம் தேவைப்படவில்லை.

தர்ப்பணத்தின் நடு இடம் பெயர்கள். தந்தை, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறையை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, முதலாமவரை வசுவாகவும் அடுத்தவரை ருத்திரராகவும் மூன்றாமவரை ஆதித்தியராகவும் எண்ணித் தண்ணீர் விடுகிறார்கள். தாய்மார் வரிசைக்கும் விடுகிறார்கள். பிடித்துவைக்கும் பிண்டமும் மூன்று. ஒவ்வொரு முறையும் வரும் 'தர்ப்பயாமி' என்ற சொல்லுக்கு 'திருப்தி அடையச் செய்கிறேன்' என்று பொருள். ஒரு புதிய ஆள் வந்து சேரும்போது எல்லோரும் ஒரு படி மேலே போகிறார்கள். 2022 வரை பெரியப்பா விட்ட தண்ணீரே இல்லை. அது தாத்தாவின் வேலையாக இருந்தது. அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்த வரிசையில் இப்போது அவரே முதல் ஆள்.

இதைக் காட்ட ஒரு தாளில் கையால் ஏணி மாதிரி வரைந்தேன். கீழ்ப் படியில் பெரியப்பா, அதற்கு மேல் மூன்று படி. பிள்ளைகளுக்கு உறவு முறை இன்னொரு தலைமுறை தள்ளும்: என் தாத்தா அவர்களுக்குக் கொள்ளுத்தாத்தா, அவருடைய அப்பா எள்ளுத்தாத்தா. ஆகவே ஏணியில் உறவுச் சொல் போடாமல் பெயர்களை மட்டும் எழுதினேன், இனிஷியல் இல்லாமல். மேல் படியில் இருந்தவரின் பெயர் எங்கள் தலைமுறையில் யாருக்குமே தெரியவில்லை. பெரியப்பாவிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

பெண்கள் தர்ப்பணம் செய்யலாமா என்று கேள்வி வரும். ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் மகன்கள் கொடுக்கிறார்கள், வேறு வீடுகளில் வேறு மாதிரி நடக்கிறது என்று நடந்ததைச் சொன்னால் போதும். ஆனால் விடிகாலை நாலரைக்கு எழுந்து தலைக்குக் குளித்து, ருசி பார்க்காமலே அத்தனையும் சமைத்த அத்தையின் கைகளைப் பெரியப்பாவின் கைகள் வந்த அதே அளவு நேரம் காட்டினேன்.

குரல், எழுத்து, அனுப்புதல்

குரலைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதன் முன் உட்கார்ந்து படித்தால் எதிரொலி இருக்காது. பின்னணி இசை எதுவும் போடாதீர்கள். சோகப் புல்லாங்குழலை நானும் போட்டுப் பார்த்தேன். திதி வீடியோ இழவு வீடியோ ஆகிவிட்டது. திதியன்று வீட்டில் பாயசம் உண்டு, சிரிப்பும் உண்டு.

தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக வசனக் கோப்பு தேவை. சாதாரண உரைக் கோப்பாக எழுதி, யுடிஎஃப்-8 வடிவில் `thithi.ta.srt` என்று சேமிக்கலாம். வேறு வடிவில் சேமித்தால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். அமைப்பு இப்படி:

```
1
00:01:12,000 --> 00:01:17,500
எள்ளும் தண்ணீரும் கலந்து
விரலிடுக்கு வழியாக விடுகிறார்.

2
00:01:18,000 --> 00:01:22,000
தர்ப்பயாமி: திருப்தி அடையச் செய்கிறேன்.
```

ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். இதையே நகலெடுத்து ஆங்கிலத்தில் எழுதி `thithi.en.srt` என்று வைத்துக்கொண்டேன். அதில் திதி, தர்ப்பணம், படையல் ஆகிய மூன்று சொற்களை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்ப்பாகவே விட்டேன். அடுத்த வருடம் போனில் இந்தச் சொற்களைத்தானே கேட்கப்போகிறார்கள்.

யூடியூபில் ஏற்றும்போது `Unlisted` என்று வைத்தால் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம். பிறருக்கு அனுப்புவதை அது தடுக்காது என்பதை மறந்துவிட வேண்டாம். கருத்துப் பகுதியையும் மூடிவிட்டேன்.

ஏற்றுவதற்கு முன் வீட்டிலேயே மூத்தவரிடம் ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிடுங்கள். ஏற்றிய வீடியோவை அதே இணைப்பில் வேறொன்றாக மாற்ற முடியாது, புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். நான் அவசரத்தில் ஏற்றி, கனடாவுக்கும் அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரியே பெரியப்பா கூப்பிட்டார். "எல்லாம் நல்லா இருக்குடா. எங்க கொள்ளுத்தாத்தா பேரை மட்டும் தப்பாச் சொல்லிட்டே. 'ஐயா'வை விட்டுட்டே." பீரோவைத் திறந்து மறுபடி உட்கார்ந்தேன். நான்கு வினாடிக் குரல், ஏணித் தாளில் ஒரு திருத்தம், இரண்டு வசனக் கோப்பிலும் ஒரு சொல். பிறகு புது இணைப்பு.